டின்னுணவின் புறக்குறிகள்: உப்பல், ஒடுக்கு, துரு

1. பொருளும் எல்லையும்

உணவை நிரப்பிக் காற்றுப் புகாதபடி மூடி, மூடிய பின்னர் வெப்பத்தால் கிருமிநீக்கம் செய்த உலோகக் கலத்தை மட்டுமே இக்கட்டுரையில் 'டின்' என்கிறோம். மீன், காளான், பட்டாணி, அன்னாசித் துண்டு, தக்காளி முதலியவை இவ்வாறு அடைக்கப்படுகின்றன. நெய், பால்மாவு, பிஸ்கட் ஆகியவற்றின் டின்களும், சர்க்கரைச் செறிவால் காக்கப்படும் கண்டென்ஸ்டு மில்க்கும் இவ்வரையறைக்குள் வாரா. வாயு ஏற்றிய பானங்களையும் விலக்குகிறோம். அவற்றின் உள்ளே அழுத்தம் இருப்பதே இயல்பு.

அலமாரியில் இருக்கும் ஒரு டின் உப்பியிருக்கிறது; இன்னொன்றில் ஒடுக்கு விழுந்திருக்கிறது; மூன்றாவது துருவேறியிருக்கிறது. இவற்றுள் எதைக் கட்டாயம் எறிய வேண்டும், எதை உண்ணலாம் என்பதே நம் வினா. மூன்றும் ஒரே வகைக் குறைகள் என்று கருதுவதால்தான் குழப்பம் வருகிறது. சிலர் சிறு நெளிவைக் கண்டும் நல்ல டின்னை எறிகிறார்கள். சிலர் உப்பிய டின்னைக் 'கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்' என்று திறக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு குறியும் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை முதலில் வகுத்துக்கொள்வோம். உப்பல், டின்னுக்குள்ளே நடந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது. இதனை உட்சான்று எனலாம். ஒடுக்கும் துருவும் உள்ளே நடப்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சுவர் இன்னும் முழுமையாக இருக்கிறதா என்ற ஐயத்தை மட்டுமே எழுப்புகின்றன. இவற்றைச் சுவர்ச்சான்று எனலாம். இந்தப் பாகுபாட்டிலிருந்தே பிற விதிகள் யாவும் பிறக்கின்றன.

2. காப்பின் இரு தூண்கள்

டின்னுணவு கெடாமலிருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. உள்ளிருந்த கிருமிகள் கொல்லப்பட்டன என்பது ஒன்று. வெளியிலிருந்து புதியவை புகவில்லை என்பது மற்றொன்று.

முதலாவதன் அளவுகோல் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியம். இதன் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடியவை. காற்றில்லாத இடத்தில் அவை முளைத்துப் பெருகி, நரம்புகளை முடக்கும் நச்சை உண்டாக்கும். அந்த நச்சால் விளையும் நோயே பாட்டுலிசம். காற்று நீக்கிய டின் இக்கிருமிக்கு ஏற்ற வீடு. ஆதலால் மீன், இறைச்சி, காய்கறி போன்ற அமிலம் குறைந்த உணவுகளை, அழுத்தக் கலனில் வைத்து, டின்னின் நடுப்பகுதியும் குறைந்தது 121 டிகிரி செல்சியஸில் 3 நிமிடத்துக்கு ஈடான வெப்பம் பெறும்படி வேகவைக்கிறார்கள். பி.எச். 4.6க்குக் கீழ்ப்பட்ட புளிப்பு உணவுகளில் இந்த வித்து முளைப்பதில்லை. அவற்றுக்கு இலேசான வெப்பம் போதும்.

இரண்டாவது தூண் சுவர். டின்னின் எஃகுத் தகடு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதன்மேல் வெள்ளீயப் பூச்சு. பெரும்பாலும் உட்புறத்தில் அரக்குப் பூச்சும் உண்டு. உடலின் விளிம்பும் மூடியின் விளிம்பும் கொக்கிபோல் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, இடையே ஒட்டுபசை நிரம்ப நசுக்கப்பட்டிருக்கும். விரலால் தடவினால் மேட்டு வளையமாகத் தட்டுப்படும் இந்தப் பகுதியே இரட்டை மடிப்பு. இரு கொக்கிகளும் ஒன்றையொன்று தழுவும் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். டின்னின் காவல் முழுவதும் இந்த 1 மில்லிமீட்டரை நம்பியிருக்கிறது என்பதைப் பின்னர் நினைவுகூர்வோம்.

சூடாக இருக்கும்போதே மூடப்படுவதால், ஆறியதும் உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு பகுதி வெற்றிடம் உண்டாகும். நல்ல டின்னின் மேல்முகமும் அடிமுகமும் தட்டையாகவோ சற்றே உட்குழிந்தோ இருப்பது இதனால்தான். அந்த உட்குழிவு டின்னின் இயல்புநிலை. உப்பல் அதன் மாறுநிலை.

3. உப்பல்

டின்னின் ஒரு முகமோ இரு முகங்களுமோ உள்ளழுத்தத்தால் வெளிநோக்கிப் புடைப்பதே உப்பல். இது நான்கு படிகளில் வளர்கிறது.

முதற்படியைத் தட்டுப்புடைப்பு எனலாம். டின் பார்வைக்குத் தட்டையாகவே இருக்கும். மேசைமேல் தட்டினால் ஒரு முகம் வெளியே துள்ளும், அழுத்தினால் மீண்டும் அடங்கும். இரண்டாவது மாற்றுப்புடைப்பு. ஒரு முகம் எப்போதும் புடைத்திருக்கும். அதை உள்ளே அழுத்தினால் எதிர்முகம் வெளியே வரும். மூன்றாவது இளகு உப்பல். இரு முகங்களும் புடைத்திருக்கும், கட்டைவிரலுக்குச் சற்று இடங்கொடுக்கும். நான்காவது இறுகு உப்பல். இரு முகங்களும் விறைத்து நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் அசையா. இதற்கு அடுத்தது மடிப்பு பிளப்பது அல்லது டின் வெடிப்பது.

இப்படிகள் அழுத்தத்தின் அளவைக் காட்டுகின்றனவேயன்றி ஆபத்தின் அளவைக் காட்டுவதில்லை. இறுகு உப்பலை உண்டாக்கிய கிருமி சாதாரணமானதாகவும், தட்டுப்புடைப்பில் தொடங்கிய கிருமி கொடியதாகவும் இருக்கலாம். 'இலேசாகத்தானே உப்பியிருக்கிறது' என்ற வாதத்துக்கு ஆதலால் அடிப்படை இல்லை.

உப்பலின் காரணங்கள் மூன்று வகைப்படும். முதலாவது உயிரிக்காரணம். வேகவைப்பு போதாமையால் தப்பிய வித்துகளோ, மடிப்பின் வழியே புகுந்த கிருமிகளோ பெருகி, கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் வெளியிடுகின்றன. பாட்டுலினம் வளரும்போதும் வாயு உண்டாகலாம்.

இரண்டாவது வேதிக்காரணம். அன்னாசி, தக்காளி போன்ற புளிப்பு உணவின் அமிலம் நாட்பட நாட்பட உட்பூச்சின் கீறல்களில் உலோகத்தை அரித்து ஹைட்ரஜனை விடுவிக்கிறது. இந்த ஹைட்ரஜன் உப்பலில் கிருமிக்கு வேலை இல்லை. ஆயினும் அந்த உணவில் உலோகம் கரைந்திருக்கும். டின்னில் அடைத்த உணவுக்கு கிலோவுக்கு 250 மில்லிகிராம் வெள்ளீயம் என்பதைக் கோடெக்ஸ் உணவுத்தர விதிகள் உச்ச வரம்பாக வைத்துள்ளன. அரிப்பு மிஞ்சிய டின் அவ்வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும். தாண்டிய உணவு வாந்தியையும் வயிற்றுவலியையும் தரும்.

மூன்றாவது பௌதிகக்காரணம். அளவுக்கு மிஞ்சி நிரப்புதல், போதிய வெற்றிடம் இல்லாமல் மூடுதல், உணவு உறைந்து விரிதல், உயரமான இடத்துக்கு எடுத்துச்செல்லுதல் ஆகியன இதிலடங்கும். உதகைக்குப் போகும் மலைப்பாதையில் சிப்ஸ் பாக்கெட் தானே உப்புவதைப் பலரும் கண்டிருப்போம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் அரைகுறை வெற்றிடத்தோடு மூடிய டின்னும் அங்கே துள்ளத் தொடங்கலாம்.

மூன்று காரணங்களுள் ஒன்றே கொடியது என்றால், மற்ற இரண்டையும் பிரித்தறிந்து காப்பாற்றலாமே என்று கேட்கத் தோன்றும். ஆய்வகத்தில் அது முடியும். உள்ளிருக்கும் வாயுவைப் பகுத்து, உணவை வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்க்கிறார்கள். அடுக்களையில் முடியாது. வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மூன்று உப்பல்களும் ஒன்றே. திறந்து முகர்வதும் துளி எடுத்துச் சுவைப்பதும் சோதனை ஆகா, அவையே விபத்தாகக்கூடும். 1971இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தம்பதியர், டின்னில் வந்த விச்சிசுவா என்னும் உருளைக்கிழங்கு சூப்பைச் சூடாக்காமல் குளிர்ச்சியாக உண்டனர். சுவை சரியில்லை என்று சிறிதளவோடு நிறுத்தியும்விட்டனர். கணவர் பாட்டுலிசத்தால் இறந்தார். மனைவி கடுமையாக நோயுற்றார். சுவை எச்சரித்தது உண்மை. ஆனால் எச்சரிக்கை நாவை எட்டியபோது நச்சும் உடன் சென்றுவிட்டது.

எனவே விதி இதுதான்: எந்தப் படியிலிருந்தாலும், எந்த உணவாயினும், உப்பிய டின்னைத் திறவாமல் எறிய வேண்டும். இதற்கு விலக்கில்லை.

4. ஒடுக்கு

வெளியடியால் தகடு உள்நோக்கி மடங்குவது ஒடுக்கு. இது உள்ளே ஒரு மாற்றமும் நிகழாமலே ஏற்படுவது. கடையில் கைதவறி விழுந்த கணத்தில் பிறப்பது. ஆதலால் ஒடுக்கைப் பொறுத்தவரை அடியின் பின் சுவர் தாங்கியதா என்பதே கேள்வி. விடை இரண்டைப் பொறுத்தது: இடம், வடிவம்.

இடத்தால் ஒடுக்கு மூவகை. உடலின் நடுவில் விழுவது முதல்வகை. அங்கே தகடு ஒரே பரப்பு, இணைப்பு ஏதுமில்லை. எஃகு நெகிழ்ந்து மடங்குமேயன்றி எளிதில் கிழியாது. இரட்டை மடிப்பின்மேல் விழுவது இரண்டாம் வகை. முன்னர்க் கண்ட 1 மில்லிமீட்டர் தழுவல் இங்கேதான். அடியால் கொக்கி சற்றே விலகினாலும், பசை பிளந்தாலும், மயிரிழையளவு வழி திறந்துவிடும். உள்ளிருக்கும் வெற்றிடம் அவ்வழியே ஈரத்தையும் காற்றையும் உறிஞ்சும். ஈரத்தோடு கிருமியும் போகும். மேலிருந்து கீழாக உடலின் பக்கவாட்டில் ஓடும் நெடுக்கு இணைப்பின்மேல் விழும் அடியையும் இவ்வகையிலேயே சேர்க்கிறோம். வளையம் பிடித்து இழுத்துத் திறக்கும் மூடியில் விழுவது மூன்றாம் வகை. அம்மூடியில் இழுத்தால் கிழிவதற்கென்றே ஒரு கீறல் கோடு வெட்டப்பட்டிருக்கும். அங்கே உலோகம் ஏற்கெனவே மெலிந்தது. அதையொட்டிய அடி கோட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் பிளந்துவிடலாம்.

வடிவத்தால் ஒடுக்கு இருவகை: வட்டவொடுக்கு, கூரொடுக்கு. முன்னது வழுவழுப்பான பள்ளம். பின்னதில் தகடு கத்தி முனைபோல் கூராக மடிந்திருக்கும். அந்த மடிப்பில் வெள்ளீயமும் உட்புறத்து அரக்கும் விரிசல் விடும், எஃகே நுண்ணிதாய்ப் பிளக்கவும் கூடும். ஆழத்துக்கு எளிய அளவுகோல் உண்டு. அமெரிக்க வேளாண்துறை சொல்லும் வரையறைப்படி, விரலைக் கிடத்தினால் அதற்குள் அடங்கும் பள்ளமே ஆழ்ந்த ஒடுக்கு. அதில் கூர்முனைகளும் பெரும்பாலும் காணப்படும்.

இவற்றைச் சேர்த்தால் கிடைக்கும் விதி: உடலின் நடுவில் விழுந்த, விரல் அடங்காத, கூர்மையற்ற ஒடுக்கு ஏற்கத்தக்கது, நெடுநாள் வைக்காமல் முதலில் பயன்படுத்துவது நன்று. விரல் அடங்கும் ஒடுக்கு, கூரொடுக்கு, இணைப்பின்மேல் அல்லது கீறல் கோட்டருகே விழுந்த எந்த ஒடுக்கும் எறியத்தக்கன.

இங்கே ஒரு சிக்கலையும் தீர்த்துவிடுவோம். பெரிய ஒடுக்கு விழும்போது டின்னின் கொள்ளளவு சுருங்கி, வெற்றிடம் குறைந்து, ஒரு முகம் வெளியே துள்ளலாம். இது உண்மையில் பௌதிகக்காரண உப்பல். ஆனால் ஒடுக்கால் வந்த துள்ளலா, ஒடுக்கின் வழியே புகுந்த கிருமியால் வந்ததா என்பதை நாம் பிரித்தறிய இயலாது. சுவர்ச்சான்றும் உட்சான்றும் ஒரே டின்னில் கூடினால் உட்சான்றே வெல்லும். எறிக.

5. துரு

துருவைப் புரிந்துகொள்ள, வெள்ளீயம் டின்னின் இருபுறமும் ஒரேவிதமாக நடந்துகொள்வதில்லை என்பதை அறிய வேண்டும். உள்ளே, உணவின் அமிலங்களோடு சேர்ந்து வெள்ளீயமே முதலில் கரைகிறது; தான் கரைந்து எஃகைக் காக்கிறது. வெளியே, ஈரக்காற்றில், உறவு தலைகீழாகிறது. பூச்சில் ஓர் ஊசிமுனைத் துளை இருந்தால் போதும். அரிப்பு முழுவதும் அந்தத் துளையில் தெரியும் எஃகின்மேல் குவிகிறது. சுற்றிலும் பூச்சு பளபளக்க, ஒரு புள்ளியில் மட்டும் துரு ஆழமாகத் தோண்டிக்கொண்டு போவது இதனால்தான். ஆகவே துருவின் பரப்பைவிட ஆழமே தீர்ப்பை நிர்ணயிக்கிறது.

ஆழத்தால் துரு மூன்று நிலைப்படும். விரலால் அல்லது ஈரத் துணியால் தேய்த்தால் போய்விடுவது மேல்துரு. தேய்த்த பின்னும் நகத்துக்குக் குழி தட்டுப்படுவது குழித்துரு. தகடு செதிலாய் உரிவதும், ஓட்டை விழுவதும், அவ்விடத்தில் உணவின் கசிவு உலர்ந்து கறையாய் நிற்பதும் ஊடுதுரு. மேல்துரு மட்டும் உள்ள டின் உண்ணத்தக்கது. திறக்குமுன் துடைக்க வேண்டும், இன்றேல் துருத்தூள் உணவில் விழும். குழித்துருவும் ஊடுதுருவும் எறியத்தக்கன. குழியின் அடியில் எஞ்சியிருக்கும் உலோகம் எவ்வளவு என்பதை அளக்க நம்மிடம் கருவி இல்லை, 0.2 மில்லிமீட்டரில் பிழைக்கு இடமும் இல்லை.

துரு ஒளிந்திருக்கும் இடங்கள் இரண்டு. இரட்டை மடிப்பின் அடிப்புற இடுக்கு ஒன்று. ஈரம் அங்கே தங்கும். தாள் லேபிளின் அடிப்பகுதி மற்றொன்று. லேபிளில் பழுப்புக் கறை ஊறியிருந்தால், அது வெளியிலிருந்து பட்ட நீரா, உள்ளிருந்து வந்த கசிவா என்று லேபிளைக் கிழித்துப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று படும் அலமாரியில் டின்களை வைப்போர் இந்த இரு இடங்களையும் தவறாமல் பார்ப்பது நலம்.

6. குறியின்மை நற்சான்று ஆகுமா?

இதுவரை குறி இருந்தால் என்ன செய்வது என்று கண்டோம். குறி இல்லையேல் டின் நல்லது என்று கொள்ளலாமா? நடந்த நிகழ்ச்சியொன்றை ஆராய்ந்து விடை காண்போம்.

1978 ஜூலையில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் முதியவர் நால்வர் ஒரு டின் சால்மன் மீனை உண்டனர். அந்த மீன் அலாஸ்காவில் அடைக்கப்பட்டது. நால்வருக்கும் பாட்டுலிசம் கண்டது, இருவர் இறந்தனர். நச்சு ஈ வகைப் பாட்டுலினத்துடையது என்று தெரிந்தது. டின்னில் ஒரு சிறு ஓட்டை இருந்தது.

இந்த இரு விவரங்களையும் சேர்த்துப் படிப்போம். ஈ வகை, நீர்வாழ் சூழலில் காணப்படுவது. அதன் வித்துகள் ஏ வகையின் வித்துகளைவிட வெப்பத்துக்கு மிகவும் மெலிந்தவை. 121 டிகிரியில் வெந்த டின்னுக்குள் அவை பிழைத்திருக்க வழியில்லை. ஆகவே கிருமி வெந்த பிறகே புகுந்திருக்க வேண்டும். புகுந்த வழி அந்த ஓட்டை. முதல் தூண் உறுதியாக நின்றது. இரண்டாம் தூண் விழுந்தது.

அப்படியாயின் உப்பல் எங்கே? ஓட்டையுள்ள கலத்தில் வாயு தங்காது. வந்த வழியே வெளியேறும். உப்பல் தோன்ற வேண்டுமானால் உள்ளே கிருமியும் இருக்க வேண்டும், சுவரும் மூடியிருக்க வேண்டும். சுவர் உடைந்த டின் தன் உட்சான்றைத் தானே அழித்துக்கொள்கிறது. நாற்றத்தையும் நம்புவதற்கில்லை. ஏ வகை புரதத்தைச் சிதைத்துத் துர்நாற்றம் எழுப்பும். ஈ வகை அவ்வாறு சிதைப்பதில்லை. அது வளர்ந்த உணவு முகர்வுக்கும் பார்வைக்கும் இயல்பாகவே இருக்கலாம்.

உப்பல் தோன்றாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு: கிருமியே வாயு விடாத இனமாக இருத்தல். 1964இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் டைபாய்டு பரவி 500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். அர்ஜென்டினாவில் அடைத்த உப்பிட்ட மாட்டிறைச்சி டின்னே மூலமென்று கண்டறியப்பட்டது. வெந்த டின்களைக் குளிர்விக்கச் சுத்திகரிக்காத ஆற்றுநீரைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆறும்போது உண்டாகும் வெற்றிடம் அந்நீரை உள்ளே இழுத்தது. டைபாய்டுக் கிருமி சர்க்கரையை நொதிக்கும்போது வாயு விடுவதில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒடுக்கு, துரு பற்றிய விதிகளுக்கு நியாயம் தருகின்றன. இணைப்பில் ஒடுக்கு விழுந்த டின் உப்பவில்லை என்பது அதற்குச் சாதகமான சான்று அன்று; வழி திறந்திருந்தால் அது உப்பாமலே கெடும். சுவர்ச்சான்றை உட்சான்றின் துணைக்காகக் காத்திராமல், தனித்தே தீர்ப்புக்குரியதாகக் கொள்வது இதனால்தான்.

7. திறக்கும் கணமும் அகற்றும் முறையும்

புறச்சோதனையில் தேறிய டின்னுக்கு இறுதிச் சோதனை, திறப்பானின் முனை இறங்கும் கணம். அப்போது எழும் மெல்லிய 'ஸ்ஸ்' ஒலி காற்று உள்ளே செல்வது. வெற்றிடம் இருந்ததற்கு அடையாளம், அச்சம் வேண்டா. நீரோ நுரையோ வெளியே பீறிட்டால் அது அழுத்தம். அந்த டின் கெட்டது. நீர் இயல்புக்கு மாறாகக் கலங்கியிருந்தாலும், துர்நாற்றம் அடித்தாலும் சுவைக்காமல் எறிய வேண்டும். மீன் டின்னின் உட்சுவரில் காணும் கருநீலக் கறையை மட்டும் இதனோடு குழப்ப வேண்டா. மீன் புரதத்தின் கந்தகம் வெள்ளீயத்தோடு சேர்ந்து படிந்தது அது, தீங்கற்றது.

பாட்டுலின நச்சு 85 டிகிரியில் 5 நிமிடம் சூடேறினால் சிதையும் என்பது உண்மை. ஆனால் ஐயத்துக்குரிய டின்னை மீட்க இதைக் கருவியாகக் கொள்ளலாகாது. திறக்கும்போதே உணவு கையிலும் மேசையிலும் தெறிக்கும். கெட்டியான உணவின் நடுப்பகுதி அந்த வெப்பத்தை எப்போது எட்டியது என்று தெரியாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற வேறு கிருமிகளின் நச்சு கொதித்தாலும் அழியாது.

எறிய வேண்டிய டின்னைத் திறவாமல், ஒன்றுக்குள் ஒன்றாக இரு பிளாஸ்டிக் பைகளில் இட்டுக் கட்டி, 'உண்ணத் தகாதது' என்று எழுதிக் குப்பையில் சேர்க்க வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதும், தெருவில் நாயும் மாடும் கிளறும் இடத்தில் போடுவதும் தவறு. கசிந்திருந்தால் கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு எட்டுப் பங்கு நீர் கலந்து, கசிவின்மேல் ஊற்றி 15 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். கடையில் ஒரே தொகுதியைச் சேர்ந்த டின்கள் பல உப்பியிருந்தால் அது ஆலையின் வேகவைப்புப் பிழையாக இருக்கலாம். மூடியிலுள்ள தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தெரிவிக்கலாம்.

தவறி உண்டுவிட்டால் அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தொடங்கும். சில நாட்கள் தாமதிப்பதும் உண்டு. பார்வை இரட்டையாகத் தெரிதல், இமை தொங்குதல், நாக்குழறல், விழுங்க முடியாமை ஆகியன தோன்றி, பலவீனம் தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உண்ட டின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிர்நச்சு மருந்து எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

8. தொகுப்பு

சோதிக்கும் வரிசை இவ்வாறு அமைகிறது. முதலில் இரு முகங்களையும் பார்த்து, கட்டைவிரலால் அழுத்துக. புடைப்போ துள்ளலோ இருந்தால் அங்கேயே தீர்ப்பு முடிந்தது. அடுத்து இரட்டை மடிப்பைச் சுற்றிலும், பிறகு நெடுக்கு இணைப்பின்மேலும் விரலை ஓட்டுக. ஒடுக்கோ கசிவோ தட்டுப்பட்டால் எறிக. மூன்றாவதாக உடலின் ஒடுக்கில் விரலைக் கிடத்துக. இறுதியில் துருவைத் தேய்த்து, நகத்தால் குழி பார்க்க. உட்சான்றை முதலிலும் சுவர்ச்சான்றைப் பின்னும் வைத்திருப்பது, முன்னதில் வாதத்துக்கு இடமில்லாமையால்.

இந்த நான்கு சோதனைகளும் ஒரு டின்னைக் கெட்டதென்று தீர்க்க வல்லவை. நல்லதென்று மெய்ப்பிக்க வல்லவை அல்ல. பர்மிங்காமில் அந்த டின்னைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய குறி உப்பலோ நாற்றமோ அன்று. தகட்டில் இருந்த ஒரு சிறு ஓட்டையே. தேடும் விரலும் கண்ணும் சென்று நிற்க வேண்டிய இடம் அதுதான்.